ஜூன்ல கிலோ 41, மே மாசம் 57: மாம்பழக் கூழ் அடக்க விலையை எந்தக் கணக்குல போடறது?

கேள்வி இதுதான், காவேரிப்பட்டணம் பக்கத்துல சொந்தக்காரங்க சேர்ந்து பழக்கூழ் ஃபேக்டரி நடத்துற ஒரு தம்பி கேட்டது:

"அண்ணா, எங்க யூனிட்ல மாசாமாசம் கிலோவுக்கு என்ன அடக்கம்னு எக்செல்ல போட்டுட்டு வர்றேன். போன வருஷம் மே மாசம் பெங்களூரா மாம்பழக் கூழ் கிலோ 57 ரூபா வந்துச்சு, ஜூன்ல 41 அம்பது, பிப்ரவரில தக்காளி ஓட்டுனப்போ பேக்டரிச் செலவு மட்டுமே கிலோவுக்கு 27 அம்பதுன்னு காட்டுது. அதே மிஷின், அதே ஆளுங்க. சித்தப்பா ஜூன் விலையை வச்சு ரேட்டு சொல்லுங்கறார், மச்சான் அதெல்லாம் ஏமாத்து வேலை, சராசரி போடுங்கறான், ஆடிட்டர் வேற ஒரு நம்பர் சொல்றார். இப்ப பெங்களூர் பார்ட்டி ஒருத்தர் டிரம் சரக்கு கிலோ 46-க்கு வருஷம் பூரா எடுத்துக்கறேன்றார். கொடுக்கலாமா? எந்தக் கணக்கு சரி?"

பதில்: தம்பி, மூணு பேரும் மூணு வேற கேள்விக்குப் பதில் சொல்றாங்க, அதான் சண்டையே. அதுக்கு முன்னாடி ஒண்ணு. விலை ஏன் இப்படி ஆடுதுன்னு பிரிச்சுப் பார்க்கணும், ஏன்னா ஆட்டம் ஒண்ணு இல்ல, மூணு. ஒண்ணு எண்ணாம விட்டதால வர்றது, ஒண்ணு வகுக்குறதால வர்றது, ஒண்ணு நிஜமாவே செலவு மாறுறதால வர்றது. முதல் ஆட்டத்தை நிறுத்தணும், ரெண்டாவதை மறக்கணும், மூணாவதை மட்டும் கண்ல எண்ணெய் விட்டுப் பார்க்கணும். நீங்க மூணையும் ஒரே கட்டத்துல போட்டு வச்சிருக்கீங்க.

(நம்பரெல்லாம் நீங்க அனுப்புனதுதான், படிக்க வசதியா அங்கங்க ரவுண்டு பண்ணிருக்கேன்.)

முதல்ல பழுக்க வைக்கிற ரூமைப் பாருங்க

மே மாசத்து 57-ல நாலு ரூபா சொச்சம் பொய். எப்படின்னு சொல்றேன்.

காய் வந்து இறங்குற அன்னைக்கே யாரும் கூழ் அடிக்கிறதில்ல. காயை கிரேட்ல அடுக்கி, எத்திலீன் விட்டு, நாலஞ்சு நாள் ரூம்ல வச்சு, பழுத்ததைப் பொறுக்கி எடுத்துத்தான் லைனுக்கு அனுப்புவோம். அப்போ மே 31-ம் தேதி ராத்திரி ரூம்ல என்ன இருக்கும்? 28, 29-ல வாங்குன காய் பூரா அங்கதான் மஞ்சளாகிட்டு நிக்கும். உங்க ஷீட்ல மே மாசம் காய் வாங்குன பில் எல்லாத்தையும் கூட்டி, மே மாசம் வந்த கூழால வகுத்திருக்கீங்க. ரூம்ல நிக்கிற காயைக் கழிக்கவே இல்ல.

உங்க சூப்பர்வைசர் நோட்டுல பார்த்தேன், அன்னைக்கு 1,800 கிரேட், கிரேட்டுக்கு 20 கிலோ, அதாவது 36 டன். கிலோ 18 ரூபான்னு வாங்குன காய், மொத்தம் 6 லட்சத்து 48 ஆயிரம். அந்த மாசம் கூழ் 150 டன். கிலோவுக்கு 4 ரூபா 32 பைசா சும்மா ஏறிக்கிச்சு. ஜூன் கடைசிலயும் ரூம் நிறைஞ்சுதான் இருந்துருக்கு, அதையும் எண்ணல, அதனால ஜூன்ல உள்ள வந்த ஓசிக் காயும் வெளிய விட்ட காயும் ஒண்ணுக்கொண்ணு ஈடாகி நம்பர் ஓரளவு சரியா தெரியுது. ஆகஸ்ட்ல ரூம் காலி, அப்ப அந்த மாசத்து அடக்கம் திடீர்னு குறைஞ்ச மாதிரி இருக்கும், ஆளுங்க நல்லா வேலை செஞ்சாங்கன்னு நெனச்சுக்குவீங்க.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. மாசாமாசம் ஈல்டைப் போட்டுப் பாருங்க, வாங்குன காயில எத்தனை சதவீதம் கூழாச்சுன்னு. பெங்களூராவுல ஏறத்தாழ பாதிதான் கூழ், மீதி தோலு, கொட்டை, நாரு, அழுகல். உங்க மே மாசக் கணக்குல 300 டன் காய்க்கு பதிலா 336 டன் போட்டிருக்கீங்க, ஈல்டு 45-க்கும் கீழ வந்துருக்கும். அதே காய், கூழ் அடிக்கிற அதே பல்பர் மிஷின், மே மாசம் 45 ஆகஸ்ட்ல 60-ன்னு வந்தா அது பழத்தோட குணம் இல்ல, எண்ணாத கிரேட்டு. உண்மையான மே மாச ஈல்டு 50.

இதைச் சரி பண்ணுனா மே 57-லேர்ந்து 52.67-க்கு வந்துரும். இனி மிச்சத்தைப் பேசலாம்.

எதை வச்சு எடை போடறது

ஒரு கணக்கு முறை நல்லதா கெட்டதான்னு சும்மா சொல்ல முடியாது. உங்களை மாதிரி யூனிட்டுக்கு நான் நாலு விஷயம் பார்ப்பேன்.

விலை சொல்றப்போ ஏமாத்துமா, அதுதான் முதல். அப்புறம் குடோன்ல நிக்கிற டிரம்முக்கு அந்த விலையைப் போட்டா ஆடிட்டரும் பேங்கும் ஒத்துக்குவாங்களா, ஏன்னா ஸ்டாக்கைக் காட்டி பேங்க்ல வாங்குற சிசி கடன் லிமிட்டுக்கு மாசாமாசம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கறீங்க. மூணாவது, எங்கயாவது காசு ஒழுகுனா அது காட்டிக்கொடுக்குமா. கடைசியா, ஒரு அக்கவுண்ட்ஸ் பொண்ணும் ஒரு எக்செல்லும் வச்சு இதை நடத்த முடியுமா. நாலாவதை லேசா எடுத்துக்காதீங்க, பெரிய கம்பெனி முறையைக் கொண்டாந்து வச்சு ரெண்டாவது மாசமே நின்னுபோன யூனிட் எனக்கு நாலு தெரியும்.

உங்க நிலைமை இப்படி. சம்பளம், வாடகை, தேய்மானம், இன்சூரன்ஸ், மிஷின் ஓடாட்டியும் கட்ட வேண்டிய ஈபி டிமாண்ட் சார்ஜ் எல்லாம் சேர்த்து மாசம் 5.5 லட்சம். ஏப்ரல்ல மட்டும் சீசனுக்கு முந்தி பாய்லர் இன்ஸ்பெக்‌ஷன், பம்ப் சீல், கேஸ்கட், பல்பர் சல்லடைன்னு கூடுதலா 6 லட்சம். ஆக வருஷத்துக்கு 72 லட்சம். இது காய் வந்தாலும் வராட்டியும் போகும். உற்பத்தி மே 150 டன், ஜூன் 350, ஜூலை 220, ஆகஸ்ட் 40. அப்புறம் நவம்பர் டிசம்பர் ஜனவரில கொய்யா 120 டன், பிப்ரவரில ராயக்கோட்டை தக்காளி 20 டன். வருஷத்துக்கு 900 டன். ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர், மார்ச் நாலு மாசம் லைன் சும்மா.

வழி ஒண்ணு: அந்தந்த மாசச் செலவை அந்தந்த மாசக் கூழால வகுக்குறது

இதைத்தான் நீங்க பண்றீங்க. 5.5 லட்சத்தை எதால வகுக்குறோமோ அதைப் பொறுத்து:

| மாசம் | கூழ் (டன்) | நிலையான செலவு, கிலோவுக்கு |
|---|---|---|
| மே | 150 | ரூ. 3.67 |
| ஜூன் | 350 | ரூ. 1.57 |
| ஆகஸ்ட் | 40 | ரூ. 13.75 |
| டிசம்பர் (கொய்யா) | 50 | ரூ. 11.00 |
| பிப்ரவரி (தக்காளி) | 20 | ரூ. 27.50 |
| அக்டோபர் | 0 | வகுக்கவே முடியாது |

செலவு 5.5 லட்சம் மாறவே இல்ல பாருங்க, அதை வகுக்குற டன்னுதான் மாறுது. இதுதான் நான் சொன்ன வகுத்தல் ஆட்டம். பிப்ரவரில யாரும் காசை அள்ளி வீசல, வாட்ச்மேன் அதே சம்பளந்தான் வாங்குனார், ஆனா அவரு சம்பளத்தை 350 டன் சுமந்த இடத்துல 20 டன் சுமக்குது.

இதுல மறைஞ்சு கிடக்குற செலவு அந்தக் கடைசி வரிசைல இருக்கு. லைன் ஓடாத நாலு மாசத்துக்கு 5.5, 5.5, 5.5, ஏப்ரல்ல 11.5, மொத்தம் 28 லட்சம். அது எந்தக் கிலோ மேலயும் ஏறவே இல்ல. எக்செல்ல `#DIV/0!`ன்னு வந்துச்சு, நீங்க அந்தக் கட்டத்தை அழிச்சுட்டீங்க, அவ்ளோதான். ஏப்ரல்ல பாய்லரைப் பிரிச்சுப் போட்டது ஜூன் ஓட்டத்துக்காகத்தானே, ஆனா ஜூன் கணக்குல அது ஒரு பைசா இல்ல.

ஜூன்ல நேரடிச் செலவு என்னன்னா, காய் கிலோ 14, ஈல்டு 52, அதனால கூழுக்கு 26.92. கிருமி புகாத அசெப்டிக் பேக், டிரம் எல்லாம் சேர்த்து 8.50, கூலி 2, விறகும் கரண்டும் 2.50. கிட்டத்தட்ட 40 ரூபா. அதோட 1.57 சேர்த்தா 41.57, சித்தப்பா சொல்ற விலை. அந்த விலையை நம்பி 45-க்கு வித்தா கிலோவுக்கு மூணு ரூபாய்க்கு மேல லாபம்னு தோணும். நிஜத்துல வருஷச் செலவுல ஜூன் கூழோட பங்கு 1.57 இல்ல, அடுத்த வழில வர்ற 8 ரூபா, அடக்கம் 48. 350 டன்னுக்கு 10 லட்சத்துக்கு மேல கையை விட்டுப் போயிருக்கும், அது சீசன்ல தெரியாது, அடுத்த மார்ச்ல சம்பளம் போட காசு இல்லாதப்பதான் தெரியும்.

எப்ப இது நல்ல வழி? வருஷம் பூரா ஒரே அளவு ஓடுற யூனிட்டுக்கு, ஹோசூர் பக்கம் மாசாமாசம் ஒரே ஆர்டர் ஓடுற பார்ட்ஸ் கடைக்கு. உங்களுக்கு செலவைக் கண்காணிக்க மட்டும் இதை வச்சுக்கங்க, அதாவது மாசச் செலவு 5.5 லட்சத்தைத் தாண்டுச்சான்னு பாருங்க, அதை வகுக்காதீங்க.

வழி ரெண்டு: வருஷத்துக்கு ஒரே ரேட்டு

மச்சான் சொல்றது இதுதான், ஆனா அவர் சொல்ற மாதிரி மார்ச் முடிஞ்சு சராசரி போடறது இல்ல, ஏப்ரல்லயே போடறது. வருஷச் செலவு 72 லட்சம், சாதாரணமா ஓடுற அளவு 900 டன், கிலோவுக்கு 8 ரூபா. மே மாசக் கூழோ பிப்ரவரித் தக்காளியோ, எந்தக் கிலோ வந்தாலும் 8 ரூபா ஏத்து. ஆட்டம் போச்சு.

"சாதாரண அளவு"ன்னா எதுன்னு இங்கதான் எல்லாரும் தடுக்கி விழுவாங்க. மிஷின் கேட்லாக்ல மணிக்கு இத்தனை டன்னு போட்டிருக்கும், அதை 365 நாளால பெருக்கிடாதீங்க. போன வருஷ அளவும் இல்ல, மாமரம் ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், அடுத்த வருஷம் கையை விரிக்கும். உங்க கடைசி அஞ்சு வருஷம் 1000, 700, 980, 820, 1000 டன். கூட்டி அஞ்சால வகுத்தா 900. உங்க ஆடிட்டர் கையில வச்சிருக்கிற, ஸ்டாக் மதிப்பு போடறதுக்கான கணக்கியல் தரம் ஏ.எஸ். 2-வும் இதைத்தான் சொல்லுது. பல காலகட்டம் அல்லது பல சீசன்ல சராசரியா எதிர்பார்க்கிற உற்பத்தி, திட்டமிட்ட பராமரிப்புக்கு லைன் நிக்கிறதைக் கழிச்சு. சீசன்ற வார்த்தையே அதுல இருக்கு, நம்மளுக்காகவே எழுதுன மாதிரி.

இதோட வேலை மாசாமாசம் எப்படி நடக்கும்னா, ஒரு உண்டியல் மாதிரி. ஜூன் முடியறப்போ 500 டன் ஆச்சு, 8 ரூபா வீதம் 40 லட்சம் கூழ் மேல ஏத்தியாச்சு, ஆனா ஏப்ரல்லேர்ந்து நிஜமா செலவானது 22.5 லட்சம். உண்டியல்ல 17.5 லட்சம் மிச்சம். ஆகஸ்ட் முடியறப்போ அது 27.3 லட்சமா நிக்கும். செப்டம்பர்லேர்ந்து உண்டியல் கரைய ஆரம்பிக்கும், சும்மா நிக்கிற மாசத்துல 5.5 போகும், கொய்யா மாசத்துல கொஞ்சம் ஏறுறதால கரையறது கம்மியாகும், எல்லாம் சொன்னபடி நடந்தா மார்ச் 31-ல பூஜ்யம்.

இதோட மறைஞ்ச ஆபத்து அந்த உண்டியல்தான். நான் கணக்கு பார்த்த ஒரு யூனிட்ல, பேர் வேண்டாம், ஆகஸ்ட்ல அந்த மிச்சத்தைப் பார்த்துட்டு ஓனர் அதை லாபம்னு நெனச்சு வண்டிக்கு முன்பணம் கட்டிட்டார். நான் ஷீட்ல "கூடுதலா ஏத்துனது"ன்னு தலைப்பு போட்டிருந்தேன், அது என் தப்புதான், அவருக்கு எப்படிப் புரியும். இப்பெல்லாம் "மார்ச் வரைக்குமான சம்பளம் வாடகை, தொடக் கூடாது"ன்னே எழுதி வைக்கிறேன்.

இன்னொண்ணு, காய்ப்பு இல்லாத வருஷம். 900-க்குப் பதிலா 600 டன்தான் வந்துச்சுன்னு வைங்க. ஏத்துனது 48 லட்சம், செலவு 72, 24 லட்சம் தொங்குது. அப்ப என்ன தோணும்னா 72-ஐ 600-ஆல வகுத்து 12 ரூபான்னு ஆக்கி ஸ்டாக் மேல ஏத்திட்டா நஷ்டம் தெரியாதேன்னு. அது முடியாது. கணக்கியல் தரத்துப்படி அந்த 24 லட்சம் அந்த வருஷ நஷ்டத்துல போகணும், டிரம் மேல உக்கார வைக்கக் கூடாது. காய்ப்பு இல்லாததால கூழ் தரம் கூடிடல, வாங்குறவன் கூட நாலு ரூபா தரப்போறதில்ல. மாறா 1000 டன் ஓடுன வருஷத்துல 8 ரூபாவே ஏத்துனா 80 லட்சம் ஆயிடும், செலவே 72-தான், அப்ப ரேட்டை 7.20-க்கு இறக்கணும், இல்லன்னா ஸ்டாக் செலவை விட அதிகமா நிக்கும்.

பேங்க் ஸ்டேட்மெண்ட்டுக்கும் ஆடிட்டருக்கும் விலைப்பட்டியல் போடவும் இதுதான். வேலையும் கம்மி, வருஷத்துக்கு ஒரு தடவை ரேட்டு, மாசத்துக்கு ஒரு பெருக்கல்.

வழி மூணு: நேரடிச் செலவு மட்டும், மிச்சம் தனியா

காய், டிரம், கூலி, விறகு, கரண்ட் யூனிட் இதை மட்டும் கிலோவுக்குப் போடறது. 72 லட்சத்தைக் கிலோ மேலயே ஏத்தாம ஓரமா ஒரு பெரிய கல்லு மாதிரி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வித்த கிலோவும் அந்தக் கல்லை எவ்ளோ நகர்த்துதுன்னு பார்க்குறது.

இது எங்க கைகொடுக்கும்னு உங்க கொய்யாவையே எடுத்துக்கங்க. டிசம்பர்ல கிலோ 38-க்கு ஒரு ஆர்டர் வந்துச்சு, 50 டன். நேரடிச் செலவு 33. முதல் வழில 44, ரெண்டாவது வழில 41, ரெண்டுமே நஷ்டம்னு சொல்லும், விட்டிருப்பீங்க. ஆனா எடுத்தா கிலோவுக்கு 5 ரூபா, ரெண்டரை லட்சம் உள்ள வருது. எடுக்காட்டியும் அந்த மாசம் 5.5 லட்சம் போகத்தான் போகுது. சும்மா கிடக்குற லைனுக்கு அந்த ரெண்டரை லட்சம் வேண்டாம்னு யார் சொல்லுவா. வேற வேலை இல்லாத மாசம், சின்ன ஆர்டர், எடுக்கலாமா வேண்டாமா, இந்தக் கேள்விக்கு இந்த வழி மட்டுந்தான் சரியான பதில் சொல்லும்.

சின்ன ஆர்டர்ல ஒரு விஷயம், நேரடிச் செலவும் கொஞ்சம் ஏறும். 5 டன் ஓட்டுனாலும் 50 டன் ஓட்டுனாலும் பாய்லர் சூடேத்துற விறகு, ஓட்டி முடிச்சு காஸ்டிக் விட்டு லைன் கழுவுறது எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தக்காளியை நாலு தடவையா துண்டு துண்டா ஓட்டுனீங்களே, அதுல நாலு தடவை கழுவுனது இருக்கு. 33-ன்னு போடறதுக்கு முன்னாடி அதைச் சேத்தீங்களான்னு பாருங்க.

இதோட விஷம் எங்கன்னா, சீசன்லயும் இதையே வச்சு விலை சொல்றது. ஜூன்ல நேரடிச் செலவு 40, 43-க்கு கேட்டா மூணு ரூபா வருதேன்னு கொடுத்துட்டா, ஜூன்ல லைன் சும்மா இல்ல, ராவும் பகலும் ஓடுது, அந்த மூணு ரூபாக்காரன் இடத்துல பத்து ரூபாக்காரன் சரக்கை ஓட்டியிருக்கலாம். லைன் நிறைஞ்ச மாசத்துல கிலோவுக்கு என்ன மிஞ்சுதுன்னு பார்க்காம, லைன் ஒரு மணி நேரம் ஓடுனா என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. எல்லாரும் நேரடிச் செலவுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா வித்துட்டா கல்லு நகரவே நகராது.

ஸ்டாக் மதிப்புக்கும் இது ஆகாது, உற்பத்தி சார்ந்த நிலையான செலவும் ஸ்டாக்ல சேரணும்ன்றதுதான் தரம். வீட்டுக்குள்ள முடிவெடுக்க மட்டும்.

ரெண்டாவது வழில ஒரு கிளை உண்டு, சில பேர் 72 லட்சத்தையும் மாம்பழத்து தலையிலயே கட்டிருவாங்க. 760 டன்னுக்கு வகுத்தா கிலோ 9.47, கொய்யா தக்காளி வந்தா வரும்படி. பழைய மண்டிக்காரங்க கணக்கு இது, பத்திரமான கணக்குதான். என்ன, மாம்பழம் போட்டில 1.47 அதிகமா நிக்கும், ஆர்டர் கைவிட்டுப் போகலாம். கொய்யா நிச்சயமில்லாத யூனிட்டுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

பக்கத்துல பக்கத்துல வச்சா

| | மாசக் கணக்கு | வருஷ ரேட்டு | நேரடிச் செலவு மட்டும் |
|---|---|---|---|
| ஜூன் பெங்களூரா, கிலோ | ரூ. 41.57 | ரூ. 48 | ரூ. 40 |
| விலை சொல்ல | சீசன்ல கம்மியா, மத்த மாசம் கன்னாபின்னான்னு | வருஷ ஒப்பந்தத்துக்கு இதுதான் | காலி மாச ஆர்டருக்கு மட்டும் |
| ஸ்டாக் மதிப்பு | ஆடிட்டர் திருத்துவார் | ஒத்துக்குவார் | ஒத்துக்க மாட்டார் |
| ஒழுகுறதைக் காட்டுமா | வகுக்காம பார்த்தா காட்டும் | மார்ச்லதான் முழுசா தெரியும் | காய், ஈல்டுல உடனே காட்டும் |
| மறைஞ்ச செலவு | காலி மாசத்து 28 லட்சம் | உண்டியலைத் தொட்டுட்டா | நிலையான செலவை யாரும் கட்டாம போறது |

நிஜமான ஆட்டம்

மூணாவது ஆட்டம் இன்னும் பேசல. அது காய் விலையும் ஈல்டும். இதை எந்த முறையாலயும் சமப்படுத்தக் கூடாது, சமப்படுத்துனா குருடாயிருவீங்க.

மே மாசம் காய் 18 ரூபா, ஈல்டு 50, கூழுக்கு 36. ஜூன்ல காய் 14, ஈல்டு 52, அதனால 26.92. ஆகஸ்ட்ல காய் அதே 14-தான், ஆனா மழைபட்டு, புள்ளி விழுந்து, பொறுக்கிப் போடறது ஜாஸ்தியாகி ஈல்டு 46-க்கு வந்துச்சு, 30.43. விலை ஏறாமலே மூணரை ரூபா ஏறிருச்சு பாருங்க. மண்டில கிலோவுக்கு அம்பது பைசா பேரம் பேசுற ஆளு, கழிவுக் கூடையில எவ்ளோ போகுதுன்னு எடை போட மாட்டார். ஈல்டை வாங்குன எடைக்குப் போடணும், பழுத்து லைனுக்குப் போன எடைக்கு இல்ல, ஏன்னா ரூம்ல வத்துற எடைக்கும் அழுகலுக்கும் நீங்கதான் காசு கொடுத்தீங்க.

நேரடிச் செலவு மே 49, ஜூன் 40, ஜூலை 42, ஆகஸ்ட் 43.50, டன்னு கணக்குல சராசரி போட்டா 42.54. இப்ப உங்க பெங்களூர் பார்ட்டியோட 46-க்கு வருவோம். சராசரிக்கு மேல மூணரை ரூபா கிட்ட மிஞ்சுது, 760 டன் பூரா கொடுத்தாலும் 26 லட்சம் சொச்சம். கல்லு 72 லட்சம். கொய்யாவும் தக்காளியும் மிச்சத்தைத் தூக்காது.

அதே 46-ஐ மே மாசத்துக்கு வச்சுப் பாருங்க, நேரடிச் செலவே 49. மிஷினைத் திறந்ததுமே கிலோவுக்கு 3 ரூபா நஷ்டம், 150 டன்னுக்கு நாலரை லட்சம், நிலையான செலவு பேச்சே எடுக்காம. சீக்கிரம் ஆரம்பிக்கணும்ன்ற ஆசைல மே முதல் வாரமே காய் வாங்குறது வழக்கம், பக்கத்து யூனிட் பாய்லர் புகை வந்தா நமக்கும் கை அரிக்கும். 46-தான் விலைன்னா மே கடைசி வரைக்கும் பொறுத்து, காய் இறங்குறப்போ ஆரம்பிங்க. இதை வருஷ சராசரி உங்களுக்குக் காட்டவே காட்டாது, மாச நேரடிச் செலவு மட்டுந்தான் காட்டும்.

இன்னொரு பக்கம், 2025-ல பெங்களூரா விலை விழுந்த மாதிரி விழுந்தா இந்த நம்பர் பூரா மாறிரும், காய்க்காரன் வயித்துல அடிச்ச வருஷம் அது. காய் விலை ஒரு ரூபா இறங்குனா கூழுல ரெண்டு ரூபா இறங்கும், ஏன்னா ஈல்டு பாதிதானே. அதனால ஒப்பந்தத்துல விலையைக் கல்லுல பொறிக்காம காய் விலையோட கட்டிப் போடுங்க, ரெண்டு பக்கத்துக்கும் நியாயம்.

சரி, பார்ட்டிக்கு என்ன சொல்றது

42.54 கூட 8, மொத்தம் 50.54. இது குடோன் வாசல் விலை. அவர் வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா எடுப்பேன்றார், அப்போ ஜூன்ல அடிச்ச டிரம் ஜனவரி வரைக்கும் உங்க காசைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சிசி வட்டி பத்து சதவீதம்னு வச்சா கிலோவுக்கு மாசம் 42 பைசா. சராசரியா நாலு மாசம் நின்னா 1.68. இந்த வட்டியும் குடோன் வாடகையும் ஸ்டாக் மதிப்புல சேராது, ஆடிட்டர் ஷீட்ல தேடாதீங்க, ஆனா விலைல சேர்ந்தே ஆகணும். 52 ரூபா சொச்சத்துக்குக் கீழ போனா வருஷக் கணக்குல கை நட்டம், லாபம் அதுக்கு மேல.

அதனால ஒரே விலை சொல்லாதீங்க தம்பி. ஜூலைக்குள்ள தூக்குனா ஒரு விலை, அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசத் தாமதத்துக்கும் 42 பைசாவும் குடோன் வாடகையும் கூட்டுங்க. அவர் 46-லேர்ந்து ஏற மாட்டேன்னா, மே மாசச் சரக்கு கிடையாது, ஜூன் ஜூலைல லைன்ல இடம் மிஞ்சுனா அந்த அளவுக்கு மட்டும், காசு வந்ததும் லோடுன்னு சொல்லுங்க. அதுலயும் கிலோவுக்கு நாலுலேர்ந்து ஆறு ரூபா வருது, அதைப் பழைய வாடிக்கை பார்ட்டி சரக்கை ஒதுக்கிட்டு எடுக்காதீங்க.

இந்த மே 31-ம் தேதி ராத்திரி மட்டும் சூப்பர்வைசரை விட்டு எண்ணச் சொல்லாம நீங்களே டார்ச் எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போங்க. நாலு கிரேட்டை எடை போட்டுப் பாருங்க, 20 கிலோன்னு சொல்றது பெரும்பாலும் 18-தான் இருக்கும்.